தண்டையைக் கழற்றி எடுத்த எடை

எங்கள் வீட்டில் குழந்தையைத் தாண்டாமல் நடக்க முடியாது. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் வீடுகளில் எங்களுடையது ஒன்று. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, அவ்வளவுதான். என் கணவருக்கு இரும்பு உருக்கும் மில்லில் மூன்று ஷிப்டும் மாறி மாறி வரும். எனக்கு வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் காலை ஷிப்ட், சில வாரம் மதியம். எந்த நேரம் பார்த்தாலும் வீட்டில் ஒருவர் தரையில் படுத்திருப்பார், ஒருவர் கிளம்பிக்கொண்டிருப்பார். நடுவில் பாயில் குறுக்கே என் மகள் கிடப்பாள்.

குழந்தையைத் தாண்டினால் வளராது என்பது என் நாத்தனாரின் சட்டம். தாண்டிவிட்டால் அப்படியே திரும்பித் தாண்டி வந்த பக்கமே போய்விட வேண்டும், அப்போதுதான் கணக்கு நேராகும். காலை ஆறரை மணிக்கு மில்லிலிருந்து வந்து, கண் சொருகி, சாப்பாட்டுத் தூக்கை வைக்கச் சமையல்கட்டுப் பக்கம் காலை எடுத்து வைக்கும் தம்பியை, என் கணவரை, நாத்தனார் விடமாட்டார்.

"டேய், கொழந்தய தாண்டிக்கினு போறியே, கண்ணு தெரியல? திரும்பித் தாண்டுடா!"

அவர் திரும்பித் தாண்டுவார். பிறகு தூக்கை வைக்க மறுபடியும் தாண்ட வேண்டியிருக்கும். இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டே நான் கம்பெனி பஸ்ஸுக்குத் தலை சீவுவேன். சிரிக்கக்கூடத் தெம்பு இருக்காது.

நாத்தனார் என் கணவருக்குப் பத்து வயது மூத்தவர். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். பழவேற்காடு ஏரிக் கரையில் ஒரு குப்பத்தில் பிறந்தவர். புருஷன் போய்ச் சேர்ந்தபின், பிள்ளையும் இல்லாமல், அண்ணன் வீடு தம்பி வீடு என்று இருந்தவர், என் மகள் பிறந்ததும் எங்களோடு வந்து தங்கிவிட்டார். ஆறாவது மாதம் முதல் குழந்தை முழுக்க முழுக்க அவர் கையில்தான். நான் பெற்றதோடு சரி என்று என் அம்மாவே ஒருமுறை சொல்லிக்காட்டினாள்.

அம்மா இருப்பது ஆர்.கே.பேட்டைப் பக்கம். நெல் விவசாயம். மீன் பிடிக்கிற வீட்டில் நான் வாழ்க்கைப்பட்டது அவளுக்கு இன்றுவரை செரிக்கவில்லை. குழந்தை சின்னதாக இருக்கிறாள் என்பது அவளுக்கு ஒரு சாக்கு. போன் எடுத்தால் போதும், "கருவாட்டுக் கொழம்ப ஊத்திக்கினு இருந்தா புள்ள எங்க வளரும்? இங்க அனுப்பிடு. ஒன் நைனாவும் அதான் சொல்றாரு. மாடு கீது, பாலு கீது" என்று தொடங்கிவிடுவாள். நாத்தனாரும் சளைத்தவர் இல்லை. "எங்க ஆளுங்கள வந்து பாக்கச் சொல்லு, துடுப்பு மாதிரி இருப்பாங்க. கட்டையா இருக்கிறது யாரு பக்கம்னு ஊருக்கே தெரியும்" என்று என் தலைக்கு மேலேயே பார்ப்பார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

ஒரு மாதம் அங்கன்வாடியில் எடை போட்டபோது, அட்டையில் பச்சைப் பட்டையில் இருந்த புள்ளி மஞ்சளுக்கு இறங்கியது. அங்கன்வாடிகளைச் சுற்றி வரும் மருத்துவக் குழு வந்து பார்த்து, திருவள்ளூர் அரசு ஆஸ்பத்திரியில் குழந்தைகள் டாக்டரிடம் காட்டச் சொல்லிச் சீட்டு எழுதினார்கள். எனக்கு லீவு கிடைக்கவில்லை. கான்ட்ராக்ட் ஆளுக்கு லீவு என்பது கேட்பதற்கு மட்டும்தான். கணவருக்கும் டபுள் ஷிப்ட். நாத்தனார்தான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பெரியபாளையம் வழியாக பஸ் மாறி, போய் வந்தார்.

வரும்போது கையில் ஒரு கடிதம் இருந்தது. பெற்றோர் யாரும் வராததால் டாக்டர் எழுதிக் கொடுத்தது. நான் ஷிப்ட் முடிந்து வருவதற்குள் கணவர் டபுள் ஷிப்ட் முடிந்து வந்து, அதைப் பிரித்து, அக்காவுக்குப் படித்துக் காட்டியிருந்தார். நாத்தனாருக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. நான் வந்தபோது அவர் அடுப்பங்கரையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அலைச்சல் என்று நினைத்தேன். கடிதத்தை எடுத்து நின்றபடியே படித்தேன்.

"குழந்தையின் அப்பா, அம்மாவுக்கு,

வணக்கம். உங்களை நேரில் பார்க்க முடியாததால் இதை எழுதுகிறேன். பதற வேண்டாம், நிதானமாகப் படியுங்கள்.

உங்கள் மகளுக்கு இரண்டு வயது இரண்டு மாதம். இன்று உயரம் எழுபத்தொன்பதரை சென்டிமீட்டர், எடை ஒன்பது கிலோ முந்நூறு கிராம். அவள் வயதுப் பெண் குழந்தைகளில் பெரும்பாலோர் இதைவிட உயரமாக இருப்பார்கள். நாங்கள் கவனிக்கத் தொடங்கும் கோட்டுக்கு இவள் உயரமும் எடையும் சற்றுக் கீழே இருக்கின்றன. ஆனால் இந்த உயரத்துக்கு இந்த எடை போதுமானதே. அவள் மெலிந்த குழந்தை அல்ல, சிறிய குழந்தை. தலையின் சுற்றளவு, நடை, பேச்சு, விளையாட்டு எல்லாம் வயதுக்கு ஏற்றபடி உள்ளன.

முந்தைய அளவுகளோடு ஒப்பிட்டால் வளர்ச்சி மெதுவாகத் தெரிகிறது. அதில் ஒரு பகுதி அளந்த விதத்தால் வந்திருக்கலாம். இரண்டு வயதுக்குள் படுக்க வைத்து அளப்போம், பிறகு நிற்க வைத்து. நிற்கும்போது அளவு முக்கால் சென்டிமீட்டர் வரை குறையும். முன்பு காலில் தண்டையோடும் இடுப்பில் வெள்ளிக்கொடியோடும் எடை போட்டதாகத் தெரிகிறது. இன்று எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் போட்டோம். ஆகவே இன்றைய அளவையே தொடக்கமாக வைத்துக்கொள்வோம். ஒரு நாள் அளவைவிட, அடுத்தடுத்த அளவுகள் போகும் திசைதான் முக்கியம்.

ரத்தமும் சிறுநீரும் பரிசோதனைக்கு எடுத்திருக்கிறோம். ரத்த அளவு, தைராய்டு ஆகியவற்றைப் பார்ப்போம். அவசரமான முடிவு ஏதும் வந்தால் போனில் சொல்வோம். மூன்று மாதம் கழித்து இதே பலகையில், இதே தராசில் மறுபடி அளப்போம். அப்போது நீங்கள் இருவரும் கட்டாயம் வர வேண்டும். உங்கள் உயரத்தையும் அளக்க வேண்டும், பெற்றோரின் உயரம் தெரியாமல் குழந்தையின் உயரத்தைப் புரிந்துகொள்ள முடியாது. அதற்குள் எடை குறைந்தாலோ, வயிற்றுப்போக்கு நிற்காமல் போனாலோ, சாப்பிட மறுத்துச் சோர்ந்து கிடந்தாலோ, காத்திருக்காமல் உடனே வாருங்கள்.

கடைசியாக ஒன்று. குழந்தைக்கு என்னென்ன கொடுக்கிறார்கள் என்று விரிவாகக் கேட்டேன். நன்றாகவே கொடுக்கிறார்கள். இது யாருடைய கவனக்குறைவாலும் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை."

கீழே கையெழுத்து, முத்திரை.

இரண்டு முறை படித்தேன். எனக்கு அந்தக் கடிதம் பிடித்திருந்தது. கம்பெனியில் நான் செய்வதும் அளக்கிற வேலைதான். டிஜிட்டல் காலிபர் என்ற அளவுக் கருவியை வைத்துக்கொண்டு நாள் முழுக்க ஒரே பாகத்தை அளப்பேன். ஒரே பாகத்தை இரண்டு பேர் அளந்தால் இரண்டு அளவு வரும், கருவி மாறினாலும் வரும் என்பது சேர்ந்த முதல் வாரமே எங்களுக்குச் சொல்லித் தருவது. ஓகே, ரிஜெக்ட் என்று இரண்டு தட்டு வைத்திருப்போம். ஆனால் இந்த டாக்டர் என் மகளை எந்தத் தட்டிலும் போடாமல், மறுபடி அளப்போம் என்கிறாரே என்று ஒரு சின்ன ஆறுதல். ஆறுதல் என்றால் பயம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. எழுபத்தொன்பதரை என்ற எண் காலிபர் திரையிலெல்லாம் தெரிந்தது.

அன்றிரவே அம்மா போன் செய்தாள். கணவர் உளறிவிட்டார் போல. "மூணு மாசம் பாக்குறேன். அதுலயும் ஏறலன்னா நானே வந்து தூக்கிக்கினு பூடுவேன்" என்றாள். நானும் களைத்துப்போய், சண்டை போட வாய் வராமல், "சரிம்மா, அப்ப பாக்கலாம்" என்று வைத்துவிட்டேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். நாத்தனார் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். கை ஒரு கணம் நின்றது. பிறகு ஊட்டினார்.

ரத்தப் பரிசோதனையில் தைராய்டு சரியாக இருக்கிறது, ரத்தம் கொஞ்சம் குறைவு என்று போனில் சொல்லி, இரும்புச்சத்து மருந்து கொடுக்கச் சொன்னார்கள். அதன்பின் அந்த மூன்று மாதமும் எங்கள் வீடு ஒரு சாப்பாட்டுக் கடை. காலையில் முட்டை, பத்து மணிக்கு வாழைப்பழம், மதியம் மீனை முள் எடுத்துச் சோற்றில் பிசைந்து, சாயங்காலம் அங்கன்வாடி சத்துமாவை வெல்லம் போட்டுக் கிளறி. குழந்தை வாயை மூடிக்கொண்டால் நாத்தனார் பஸ் காட்டுவார், நாய் காட்டுவார், ரயில்வே கேட் வரை நடந்து கூட்ஸ் வண்டி காட்டுவார். கடைசியில் அழுதுகொண்டே ஊட்டுவார். பக்கத்து வீட்டுக்காரி, "இன்னாக்கா, பேஜாரா கீது, கொழந்தைக்கு ஊட்டுறியா, அதுங்கிட்ட மல்லுக்கு நிக்கிறியா?" என்று கேட்டாள். எனக்குக்கூட எரிச்சல் வந்தது. விடுங்கள் அண்ணி, பசித்தால் தின்பாள் என்றால், "ஒனக்கு இன்னா, நீ பெத்தவ" என்பார். அதன் பொருள் அப்போது எனக்கு எட்டவில்லை. குத்துகிறார் என்று நினைத்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் முடிந்து, ஒரு நாள் சம்பளத்தைத் துறந்து, நாலு பேரும் திருவள்ளூர் போனோம். பஸ்ஸில் நாத்தனார் குழந்தைக்கு விடாமல் தண்ணீர் கொடுத்துக்கொண்டே வந்தார். வெயில் என்று விட்டுவிட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு இட்லி. பிறகு மறுபடி தண்ணீர். குழந்தை ஏப்பம் விட்டாள்.

முதலில் எங்களை அளந்தார்கள். என் கணவர் பலகையில் ஏறி நின்றதும் நர்ஸம்மா குனிந்து பார்த்து, "சார், குதிகாலக் கீழ வைங்க" என்றார். மனுஷன் எக்கி நின்றிருக்கிறார். வெட்கமே இல்லாமல் சிரித்தார். குதிகால் இறங்கியதும் நூற்று ஐம்பத்தெட்டு. நான் நூற்று நாற்பத்தேழு. துடுப்பு மாதிரி ஆட்கள் என்று சொன்ன வம்சத்தின் லட்சணம் இது என்று நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு தராசையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குழந்தையைத் தராசில் நிறுத்தினார்கள். ஒன்பது கிலோ தொள்ளாயிரத்து ஐம்பது. அறுநூற்றைம்பது கிராம் ஏறியிருக்கிறாள். நர்ஸம்மா எழுதப் போனவர் பேனாவை நிறுத்தினார். குழந்தை காலை மாற்றி வைத்தபோது ஒரு சத்தம் கேட்டது. கவுனுக்கு அடியில் ஒரு முழுக்கால் பேன்ட், அதற்கும் அடியில், இரண்டு காலிலும், துணி சுற்றிய தண்டை. இடுப்பில் வெள்ளிக்கொடி. போன முறை இவற்றைக் கழற்றச் சொல்லி, எதற்கென்றும் நாத்தனாரிடம்தான் விளக்கியிருந்தார்கள்.

எங்கள் கம்பெனியில் இது அன்றாடம் நடப்பது. அளவு குறைந்த பாகத்தைச் சமாளிக்க ஒரு தாளை அடியில் செருகுவார்கள். கண்டுபிடித்தால் நான் கத்துவேன். அந்தக் கத்தல் அப்படியே வாயில் வந்தது.

"இன்னா அண்ணி இது? கொழந்த நெஜமா வளருதா இல்லையான்னு தெரிய வேணாமா? யார ஏமாத்துறீங்க?"

வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். நாத்தனார் குழந்தையின் காலடியில் உட்கார்ந்தார். குனிந்து, தண்டையின் திருகாணியைத் திருகத் திருக அது கையில் வழுக்கியது. கடைசியில் நர்ஸம்மாதான் கழற்றினார். மறுபடி எடை. ஒன்பது கிலோ எழுநூற்று ஐம்பது. உயரம் எண்பத்தொன்று புள்ளி ஆறு.

டாக்டரம்மா அறைக்குள் போனபோது, நாத்தனார் வெளியிலேயே நின்றுகொண்டார். உள்ளே வாருங்கள் என்று டாக்டர் கூப்பிட்டார். வந்து கதவருகே நின்றார். டாக்டர் கேட்பதற்கு முன்பே, பொங்கிவிட்டது.

"அம்மா, நான் வேணும்னு பண்ணலம்மா. நீங்க அன்னிக்கி இன்னா குடுக்குற, எத்தினி தபா குடுக்குறன்னு கேட்டுக்கினே இருந்தீங்க. ஒடனே கடுதாசி எழுதுனீங்க. என்னப் பத்தி எழுதிட்டீங்கன்னு புரிஞ்சிபோச்சு. மூணு மாசத்துல ஏறலன்னா வேற கைக்கு மாத்திடுவாங்க. நான் இதுக்கு அப்பறம் எங்க போவேம்மா?"

கணவரைப் பார்த்தேன். "நீங்க அத முழுசா படிச்சிக் காட்டலையா?"

"எடை, உயரம், மூணு மாசம் கழிச்சி வரணும், எப்ப ஒடனே வரணும்னு... முக்கியமானதெல்லாம் படிச்சேனே. அப்பறம் தூக்கம் வந்துருச்சி" என்றார். அந்த ஆளை அந்த இடத்திலேயே என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் டபுள் ஷிப்ட் பார்த்துவிட்டுக் கடிதம் படிப்பவன் கண் எதுவரை தாங்கும் என்பதும் எனக்குத் தெரியும். நானும் அவர் படித்திருப்பார் என்று மடித்து வைத்தவள்தானே.

டாக்டரம்மாவும் களைத்திருந்தார். மேசையில் டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. அவர் கோபப்படவில்லை. வரைபடத்தைத் திருப்பி நாத்தனார் பக்கம் வைத்தார். எழுத்து வேண்டாத படம் அது. வளைந்து மேலே போகும் கோடுகள், அவற்றுக்குச் சற்றுக் கீழே இரண்டு புள்ளிகள்.

"இங்க பாருங்கம்மா. இது அன்னிக்கி, இது இன்னிக்கி. ரெண்டு புள்ளியையும் சேத்தா, கோட்டுக்குக் கீழதான் இருக்கு, ஆனா கோடு போற மாதிரியே மேல போகுது. மூணு மாசத்துல ரெண்டு சென்டிமீட்டருக்கு மேல வளந்திருக்கா. தண்டை இல்லாமலே நானூத்தம்பது கிராம் ஏறியிருக்கா. நல்ல ஏத்தம்."

"தண்ணி குடுத்தேம்மா. நெறைய" என்றார் நாத்தனார். ஒன்றையும் ஒளிக்கக் கூடாது என்று முடிவு செய்துவிட்டார் போலிருந்தது.

டாக்டர் சிரித்துவிட்டார். "அதுல எடை கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். ஆனா தண்ணி குடிச்சா யாரும் ஒசரமாக மாட்டாங்கம்மா. ரெண்டு சென்டிமீட்டர் நீங்க ஊட்டுனது."

பிறகு எங்கள் இருவர் உயரத்தையும் வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். இந்த அப்பா அம்மாவுக்கு இந்த உயரம் எதிர்பார்க்கக் கூடியதுதான், ஆனாலும் விட்டுவிட மாட்டோம், மூன்று வயதுவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்போம், கோட்டைவிட்டு விலகினால் மேற்கொண்டு பரிசோதிப்போம் என்றார். ரத்தம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க மறுபடி ஊசி. குழந்தை ஆஸ்பத்திரி அதிர அழுதாள். கிளம்பும்போது ஒரு தாளை எடுத்து, நின்றிருக்கும் வரிசையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு, இரண்டாவது கடிதத்தையும் எழுதிக் கொடுத்தார். "யாருக்குப் படிச்சிக் காட்டணுமோ அவங்களுக்கு முழுசா படிச்சிக் காட்டுங்க" என்று கணவரிடம் நீட்டியவர், பிறகு யோசித்து அதை என் கையில் கொடுத்தார்.

பஸ்ஸில் மூன்று பேர் சீட் கிடைத்தது. கணவர் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார். குழந்தை நாத்தனார் மடியில் கிடந்தாள். முந்தானை முடிச்சில் தண்டை. எனக்கு மன்னிப்புக் கேட்கும் தைரியம் இல்லை, அவருக்கும் இல்லை. அம்மாவுக்கு என்ன சொல்வது என்று மட்டும் எனக்குத் தெளிவாகியிருந்தது. என் மகள் எங்கும் போகமாட்டாள்.

பெரியபாளையம் தாண்டியதும் பையிலிருந்து முதலில் பழைய கடிதத்தை எடுத்தேன். அதன் கடைசிப் பகுதியைச் சத்தமாகப் படித்தேன். நன்றாகவே கொடுக்கிறார்கள் என்ற இடத்தில் நாத்தனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு புதியதைப் பிரித்தேன்.

"குழந்தையின் அப்பா, அம்மாவுக்கும், அவளை வளர்க்கும் அத்தைக்கும்..."

தொடர்ந்து அளவுகளைப் படித்தேன், தேதியைப் படித்தேன், அடுத்த முறை தண்டையும் கொடியும் வீட்டிலேயே இருக்கட்டும் என்று எழுதியிருந்ததைப் படித்தேன். கையெழுத்துவரை, ஒன்று விடாமல். முடித்து மடிக்கப் போனேன். நாத்தனார் என் கையைப் பிடித்தார்.

"நம்பரு எல்லாம் வேணாம். அந்த மொதோ வரி கீதுல்ல, அத மட்டும் இன்னொரு தபா படி."